பெட்டியில் உள்ள பெயர் ஊருக்கு, படத்தில் உள்ள பெயர் ஓவியருக்கு

கேள்வி: கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாகக் கடலைமிட்டாய் தொழில் செய்கிறோம். 14 வருடம் எங்களிடம் பாகு மாஸ்டராக இருந்தவர் போன ஆண்டு விலகி, மதுரையில் பட்டறை போட்டு 'அசல் கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று அச்சடித்து விற்கிறார். தாத்தா எழுதிய நோட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி. அவரிடம் ஒப்பந்தம் எதுவும் எழுதி வாங்கவில்லை. இதற்கிடையில், எங்கள் பெட்டிக்குப் பல வருடம் முன்பு படம் வரைந்து கொடுத்த ஓவியரின் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். படத்துக்கு அப்போதே முழுப் பணம் கொடுத்துவிட்டோம், ரசீதும் இருக்கிறது. புதுப் பெட்டியில் கையெழுத்தை எடுத்துவிட்டு, படத்தில் உள்ள பெண்ணுக்கு ஒரு நடிகையின் சாயலில் முகம் மாற்றினோம். ஓவியர் இப்போது உயிரோடு இல்லை. சென்னை விநியோகஸ்தர் ஒருவர் 'கோவில்பட்டி' பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு 5 லட்சம் தருவதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே வழக்கில் முடித்துக்கொள்ள முடியுமா? (வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடியாது. இவை மூன்று தனித்தனிச் சட்டப் பிரச்சினைகள். அவற்றில் ஒன்றில் நீங்கள்தான் எதிர்த்தரப்பு. ஆகவே மாஸ்டர் மீதான கோபத்தைச் சிறிது ஒத்திவைத்துவிட்டு, ஓவியரின் மகன் அனுப்பிய நோட்டீஸை முதலில் கையில் எடுங்கள். அதில் பதில் சொல்லக் கெடு கொடுத்திருப்பார்கள்.

பணம் கொடுத்தாகிவிட்டது என்ற உங்கள் வாதத்தில் பாதி சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, அதற்கு விலை கொடுத்து வரையப்பட்ட ஓவியத்தின் முதல் பதிப்புரிமையாளர் அதைக் கேட்டவர்தான்; வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். ரசீது இருப்பதால் அந்தப் படத்தை அச்சிடவும், பெட்டி பெட்டியாக விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ராயல்டி வேண்டும் என்று நோட்டீஸில் கேட்டிருந்தால் அந்தக் கோரிக்கை நிற்காது.

மீதிப் பாதி 57ஆம் பிரிவில் இருக்கிறது. பதிப்புரிமை கைமாறிய பிறகும் படைத்தவரிடமே தங்கிவிடும் இரண்டு உரிமைகளை அது சொல்கிறது. இது என் படைப்பு என்று உரிமை கோருவது ஒன்று. தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தாலும் மாற்றினாலும் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் முடிவது மற்றொன்று. தார்மீக உரிமை என்று சொல்வது இவற்றைத்தான். பணம் கொடுத்து வாங்கியவரையும் இது கட்டுப்படுத்தும் என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கியது மத்திய அரசு, உடைமையும் அதனுடையதுதான். ஆனாலும் 2005இல் வந்த தீர்ப்பு, எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கவும் உத்தரவிட்டது.

உங்கள் பெட்டிக்கு வருவோம். சின்னப் பெட்டிக்கு ஏற்றபடி படத்தின் ஓரத்தை வெட்டியதையும், அச்சில் நிறம் சற்று மங்கியதையும் காட்டி ஒருவர் வழக்கில் வெல்வது கடினம். ஓவியருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது, அவர் பெயருக்குக் கேடு என்று நிறுவ வேண்டும். 1994 திருத்தம் அந்த வரம்பை வைத்தது. முகத்தை மாற்றியது அப்படியல்ல. அவர் கை வரைந்த உருவத்தின் மேல் வேறொரு முகத்தை ஒட்டியிருக்கிறீர்கள். அவருடைய பாணியை அறிந்தவர்கள், கடைசிக் காலத்தில் இப்படியும் வரைந்தாரா என்று நினைக்க இடம் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு என்னால் நல்ல தற்காப்பு சொல்ல முடியவில்லை. (நடிகையின் சாயலை அவர் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியது இன்னொரு தலைவலி. அவர் பார்ப்பதற்கு முன் பெட்டி கடையிலிருந்து வெளியேறுவது உங்களுக்கு நல்லது.) கையெழுத்தை நீக்கியது முதல் உரிமையில் கைவைத்தது.

ஓவியர் இறந்துவிட்டாரே என்பதும் உதவாது. அவருடைய சட்டப்பூர்வ வாரிசுகள் இந்த உரிமைகளைச் செயல்படுத்தலாம். முன்பு படைப்பாளி என்ற உரிமைகோரலை மட்டும் வாரிசுகளுக்குத் தராமல் சட்டம் விலக்கி வைத்திருந்தது. 2012 திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது.

ஆகவே பதில் நோட்டீஸில் வீம்பு வேண்டாம். ரசீதின் நகலை இணைத்துப் பதிப்புரிமை உங்களுடையது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதே கடிதத்தில், பழைய படத்தையே கையெழுத்துடன் மீண்டும் அச்சிடுவதாகவும், முகம் மாற்றிய பெட்டியை நிறுத்திவிடுவதாகவும் எழுதுங்கள். அச்சடித்து அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளை என்ன செய்வது என்பதை நேரில் பேசுங்கள். படத்தை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டி விற்றுத் தீர்க்க ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு தொகையும் கேட்கக்கூடும்; நியாயமாக இருந்தால் கொடுத்துவிட்டு, சமரசத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியின் பின்புறம் உங்கள் குடும்ப வரலாற்றை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். விலை கொடுத்துக் கேட்டால் நம்முடையது என்ற 17ஆம் பிரிவின் சலுகை ஓவியம், புகைப்படம் போன்ற சிலவற்றுக்குத்தான், உரைநடைக்கு இல்லை. உங்கள் ஊழியர் அல்லாத ஒருவர் எழுதியது என்றால், கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை அவரிடமே இருக்கும். ஒப்பந்தம் எழுதினாலும் காலத்தைக் குறிக்க மறந்தால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிக்க மறந்தால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இனி மாஸ்டர். அவர் விஷயத்தில் நீங்கள் இரண்டு குறைகளைச் சேர்த்தே பேசுகிறீர்கள். ஊர்ப் பெயரைப் பயன்படுத்துகிறார் என்பது ஒன்று, கைப்பக்குவத்தைக் கொண்டுபோய்விட்டார் என்பது மற்றொன்று. முதலாவதில் சட்டம் உங்கள் பக்கம். இரண்டாவதில் பெரும்பாலும் அவர் பக்கம்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பதிவு உரிமையாளர் உங்கள் வட்டாரத்து உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கம். உங்களிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீங்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவேட்டில் இருக்கிறீர்களா என்பது. சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினராக இருப்பது வேறு, இது வேறு. மூன்று தலைமுறையாகப் போடுகிறோம் என்பதும் தானாக அந்தத் தகுதியைத் தராது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மீறலுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமையைப் பதிவு உரிமையாளருக்கும் பதிவு பெற்ற பயனாளருக்கும்தான் தருகிறது. பதிவில்லாமல் நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எழுந்து இதைத்தான் கேட்பார்.

பதிவு செய்வது சிரமமில்லை. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு ஜி.ஐ. 3 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் நீங்கள் உண்மையில் உற்பத்தி செய்கிறீர்கள் என்பதற்கு உணவு பாதுகாப்பு உரிமம், பட்டறையின் மின் கட்டண ரசீது, பழைய விற்பனைப் பில்கள் ஆகியவற்றை இணையுங்கள். சங்கத்தின் சம்மதக் கடிதம் வாங்கிவிட்டால் வேலை விரைவில் நடக்கும். விண்ணப்பம் அரசிதழ் போன்ற பதிவகத்தின் ஜர்னலில் வெளியான பிறகு எதிர்ப்புத் தெரிவிக்க 3 மாதம் உண்டு, ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். அதோடு சங்கத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதையும் பதிவேட்டில் பாருங்கள். புவிசார் குறியீட்டுக்குப் 10 ஆண்டுதான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும். பலரும் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சட்டம் எண்ணுவது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து.

அந்தப் பதிவு வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சங்கத்துக்கு எழுதுங்கள், சங்கமே மாஸ்டருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குச் சான்று திரட்டுவது உங்கள் வேலை. மதுரையில் மூன்று நான்கு கடைகளில், வெவ்வேறு நாளில், பில்லுடன் அவருடைய பாக்கெட்டுகளை வாங்குங்கள். வீட்டு ஆளை அனுப்பாமல் மூன்றாம் மனிதர் ஒருவரை அனுப்புங்கள், நாளை சாட்சி சொல்லவும் அவர் வருவார். பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். உற்பத்தியாளரின் முழு முகவரியும் உணவு பாதுகாப்பு உரிம எண்ணும் அங்கே இருந்தாக வேண்டும். முன்புறம் 'அசல் கோவில்பட்டி', பின்புறம் மதுரை முகவரி என்றால், பொருள் எங்கே பிறந்தது என்பதில் வாங்குபவரை ஏமாற்றும் குறி என்று 22ஆம் பிரிவு சொல்வதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அவர் தப்பிக்கக்கூடிய வழிகளையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். உற்பத்திப் பொருள்களைப் பொறுத்தவரை, தயாரிப்பு, பதப்படுத்துதல் போன்ற வேலைகளில் ஒன்றாவது அந்த எல்லைக்குள் நடந்தால் போதும் என்று சட்டத்தின் வரையறை இடம் கொடுக்கிறது. கடலையைக் கோவில்பட்டியில் வறுத்து வாங்குகிறேன், மதுரையில் பாகு மட்டும் ஊற்றுகிறேன் என்று அவர் சொல்லக்கூடும். அப்போது பொருளுக்கு அதன் தனித்தன்மையைத் தருவது எந்த வேலை என்பதை, பதிவுக்காகச் சங்கம் கொடுத்த விவரக்குறிப்பை வைத்து வாதிட வேண்டும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, பாக்கெட்டைக் 'கோவில்பட்டி பாணி' என்று மாற்றுவது. பாணி, வகை, சாயல் என்ற சொற்களோடு சேர்த்துப் போட்டாலும் மீறல்தான் என்ற கடுமையான பாதுகாப்பு, மத்திய அரசு அதற்கெனத் தனியாக அறிவிக்கும் பொருள்களுக்கு மட்டும் உண்டு. மற்றவற்றுக்கு, வாங்குபவர் ஏமாறுகிறார் என்று காட்டியாக வேண்டும். கடைப் பெயராக 'கோவில்பட்டி ஸ்டோர்ஸ்' என்று வைத்தாலோ இன்னும் கடினம். கொல்கத்தா ஓட்டல் ஒன்றின் 'டார்ஜிலிங் லவுஞ்ச்' மீது தேயிலை வாரியம் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது. குறியீடு தேயிலைக்குத்தான், ஓட்டல் கூடத்துக்கு இல்லை என்பது அதில் ஒரு முக்கியக் காரணம்.

வழக்கு என்று வந்தால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் தொழில் நடக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். அவசரத் தடையாணை கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டியிருக்கும். பொய்யான குறியீட்டுக்குச் சிறைத் தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. 14 வருடம் உங்கள் அடுப்பருகே நின்ற மனிதர் மீது அதை முதல் அஸ்திரமாக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டீஸ் கிடைத்ததும் பெரும்பாலோர் லேபிளை மாற்றிவிடுவார்கள். 'கடலைமிட்டாய்' என்று தன் சொந்தப் பெயரில் விற்பதை நீங்களும் தடுக்க முடியாது.

பக்குவம் பற்றிய பகுதி உங்களுக்குக் கசக்கும். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒரு மசோதா வரைவைத் தந்தது, இன்னும் சட்டமாகவில்லை. இப்போதைக்கு ஒப்பந்தச் சட்டத்தையும், நம்பிக்கை மோசடிக்கு எதிராக நீதிமன்றங்கள் வளர்த்திருக்கும் நியாயக் கோட்பாட்டையும் வைத்துத்தான் போராட வேண்டும். நீதிமன்றம் பார்ப்பது மூன்றை: விஷயம் உண்மையில் ரகசியமா, ரகசியமாக இருப்பதால்தான் அதற்கு வணிக மதிப்பு வருகிறதா, அதைக் காக்க நீங்கள் நியாயமான ஏற்பாடு செய்தீர்களா.

பாகு பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, கல்லில் தட்டினால் 'டக்' என்று ஒடிகிறதா என்று பார்ப்பது தமிழ்நாட்டில் வெல்லப் பாகு காய்ச்சும் எல்லோருக்கும் தெரியும். கடலையை வறுப்பது, தோல் நீக்கி உடைப்பது, பாகில் கலந்து பரப்புவது, உருளையால் தேய்த்து வெட்டுவது எல்லாம் புவிசார் குறியீட்டு விண்ணப்பத்தில் தயாரிப்பு முறை என்ற தலைப்பில் எழுதித்தர வேண்டியவை. எழுதித்தந்தவை பதிவகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கும். குறியீடு கேட்பவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு வாங்கும் விலை, முறையை வெளியே சொல்வது. அதன் பிறகு அந்த முறையை ரகசியம் என்று கோர முடியாது.

மிச்சம் என்ன இருக்கிறது? எந்த மண்டி வெல்லத்தோடு எதை எந்த விகிதத்தில் கலக்கிறீர்கள், மழைக்காலத்தில் விகிதத்தை எப்படி மாற்றுகிறீர்கள், ஒரு கொப்பரைக்குச் சுக்கும் ஏலக்காயும் எத்தனை கிராம், எந்தக் கடைக்காரருக்கு என்ன விலை என்ற பட்டியல். பாக்கெட்டில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தித்தான் போடுகிறீர்கள். சுக்கு எத்தனை கிராம் என்று அதில் சொல்வதில்லை. ஆகவே இந்த அளவுகள் ரகசியமாக இருக்க முடியும். ஆனால் இவற்றைப் பட்டறையில் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டியிருந்தால், அல்லது நோட்டு கல்லாப்பெட்டி மேல் திறந்து கிடந்திருந்தால், மூன்றாவது கேள்வியில் வழக்கு விழுந்துவிடும்.

14 வருடத்தில் அவர் கையில் படிந்த திறமை அவருடையது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டித் தொழில் செய்யாதே என்று கட்டுப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் ஒப்புக்கொண்டது. விலகிய பிறகும் செய்யாதே என்பதை 1980இல் ஏற்கவில்லை. அதனால் ஒப்பந்தம் எழுதாமல் விட்டோமே என்று ரொம்ப நொந்துகொள்ள வேண்டாம். இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று எழுதியிருந்தாலும் அது நின்றிருக்காது.

நோட்டைப் படம் எடுத்தது மட்டும் வேறு கணக்கு. நினைவில் தங்கியது அனுபவம். நகலெடுத்துக் கொண்டுபோனது பிறருடைய ஆவணம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நம்பி ஒப்படைத்ததை மீறினார் என்று இதற்கு வழக்குத் தொடரலாம். ஆனால் 'கேள்வி' என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதாது. எடுத்ததைப் பார்த்தவர் யார், அவர் வந்து சொல்வாரா, உங்கள் பட்டியலில் உள்ள கடைக்காரர்களுக்கு உங்கள் விலையைவிடச் சரியாக ஓரிரு ரூபாய் குறைத்து அவர் விலை அனுப்பினாரா என்று தேடுங்கள். கடைசியில் சொன்னது கிடைத்தால் நல்ல சான்று, ஏனென்றால் அது தற்செயலாக நடக்காது. மனுவில் எது ரகசியம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், அங்கேயே அளவுகளை எழுதிவைத்துவிட்டால் ரகசியம் வழக்குக் கட்டோடு போய்விடும். விகிதங்களை மூடிய உறையில் தர அனுமதி கேட்கச் சொல்லுங்கள். சான்று எதுவும் சிக்காவிட்டால் இந்த வழக்கை விட்டுவிட்டு லேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த மாஸ்டருக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். சுக்கையும் ஏலக்காயையும் வீட்டில் அளந்து அரைத்து, பொட்டலமாகப் பட்டறைக்குக் கொடுங்கள். வெல்லத்தைக் கலப்பதும் வீட்டார் கையில் இருக்கட்டும். பாகு காய்ச்சுபவருக்கு எத்தனை பொட்டலம் போடுவது என்று தெரிந்தால் போதும். நோட்டைப் பூட்டி வையுங்கள். எவையெவை ரகசியம் என்று பெயர் சொல்லும் ஒரு பக்க உறுதிக்கடிதத்தை, அவருக்குப் புரியும் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் வாங்கிய கையெழுத்தை நீதிமன்றத்தில் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கும்.

விநியோகஸ்தரிடம் 5 லட்சம் வாங்காதீர்கள். புவிசார் குறியீட்டை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடகு வைக்கவோ முடியாது என்று 24ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. பெயர் உங்களுடையதே அல்ல, அந்த வட்டாரத்தில் போடுகிற எல்லோருக்கும் பொது. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் பட்டறைச் சரக்கை அவருக்கு விற்பது. அவர் தன் பெயரை 'சந்தைப்படுத்துபவர்' என்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் குடும்பத்தின் வணிகச் சின்னத்தைப் பதிவு செய்திருந்தால் அதற்கு உரிமம் தரலாம். சின்னத்தில் ஊர்ப் பெயர் இருக்கக் கூடாது. வேறு ஊர்ச் சரக்கை உங்கள் பெட்டியில் கலந்தால் ஒப்பந்தம் அன்றே முடியும் என்ற நிபந்தனையைக் கட்டாயம் சேருங்கள். அந்த மோசடிக்கு நாளை உங்களையும் கேட்பார்கள். ஏற்கெனவே முன்பணம் கைமாறியிருந்தால், அது சரக்குக்கான முன்பணம் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.